செல்ஃப் மோட்டாருக்கு அசராத பேட்டரி ஐந்து வாட் பல்புக்கு வீழ்வது ஏன்?

திருவாரூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான்கு நாள் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் காரில் அசைவே இல்லை. டிக்கி சரியாக மூடாமல் உள்ளே 5 வாட் பல்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து எடுத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து பேட்டரி பழையபடி இல்லை, காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது. "வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி கரண்ட் போகும்போதெல்லாம் மணிக்கணக்கில் ஃபேன் ஓட்டி இறங்குகிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இன்ஜினையே சுற்றிவிடும் கார் பேட்டரி ஒரு பல்புக்குத் தாங்காதா?" என்று கேட்கிறார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும். ஆனால் இழுப்பது 2 வினாடிதான். 150ஐ 2ஆல் பெருக்கினால் 300 கூலம், அதாவது 0.1 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது கால் சதவீதம்கூட இல்லை. வண்டி ஓடத் தொடங்கியதும் ஓரிரு நிமிடத்தில் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். டிக்கி பல்பு எடுப்பதோ வெறும் 0.4 ஆம்பியர். ஆனால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. மூன்றரை நாளில் பேட்டரி காலி.

ஆனால் எவ்வளவு எடுத்தோம் என்பதோடு கதை முடிவதில்லை. பேட்டரியின் எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உள்ளே நடக்கும் வேதியியல் பள்ளியில் படித்ததுதான். ஒரு பிளேட்டில் ஈயம், எதிரில் ஈய டையாக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு பிளேட்டும் ஈய சல்பேட்டாக மாறும், அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகும். சார்ஜ் போட்டால் எல்லாம் திரும்பும். 1859இல் பிளான்டே செய்த முதல் பேட்டரியில் வெறும் ஈயத் தகடுகள்தான் இருந்தன. 1881இல் ஃபோர் என்பவர் தகட்டின் மேல் ஈயச் சேர்மங்களைப் பசையாகப் பூசினார். அந்தப் பசை பேட்டரிக்குள் பஞ்சு போல ஆகிறது. நான் மயங்கிப்போவது இந்த இடத்தில்தான். ஒரு கிராம் ஈய டையாக்சைடுக்குள் இருக்கும் நுண்துளைச் சுவர்களை விரித்துப் போட்டால் சில சதுர மீட்டர் வரும். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் ஒரு பாய் சுருண்டு கிடக்கிறது! வேதிவினை அந்தச் சுவர்களில்தான் நடக்கிறது. ஆகவே சுவர் பரப்பு கூடக் கூட, ஒரே நொடியில் வெளியே வரக்கூடிய மின்னோட்டமும் கூடும். கார் பேட்டரி செய்பவர்கள் இதற்காகவே பிளேட்டை 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிப்பில் மெல்லிசாக வார்த்து, ஒவ்வொரு செல்லிலும் நிறைய பிளேட்டுகளை நெருக்கி அடுக்குகிறார்கள்.

இப்போது சாவியைத் திருப்புங்கள். துளைகளுக்குள் ஏற்கெனவே ஊறியிருக்கும் கொஞ்சம் அமிலம் உடனே வினையில் இறங்குகிறது. வெளியிலிருக்கும் புது அமிலம் உள்ளே ஊறி வர வேண்டும். அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊறவே ஒரு நிமிடம் போல ஆகும். இரண்டு வினாடியில் மேல் தோல் வரைதான் எட்டும். அதனால் செல்ஃப் அடிக்கும்போது செலவாவது பிளேட்டின் மேலோடு மட்டும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது. விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் துளைகளில் அமிலம் வற்றி, வோல்டேஜ் விழுந்து, மோட்டார் முனகி நின்றுவிடும். ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி அடித்தால் உயிர் வந்ததுபோல் சுற்றுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த ஒரு நிமிடத்தில் அமிலம் உள்ளே ஊறியிருக்கிறது, அவ்வளவுதான். பெரிய மின்னோட்டம் பிளேட்டின் உள்பகுதியைத் தொடுவதற்கு முன்பே தானாக ஓய்ந்துவிடுகிறது.

பல்புக்கு இந்தத் தடை கிடையாது. அது உறிஞ்சும் வேகத்துக்கு அமிலம் நிதானமாக அடி ஆழம் வரை போய்ச் சேர்ந்துவிடும். கடைசித் துளை வரை சல்பேட்டாகிறது. ஈய சல்பேட் இடம் அடைக்கும் பொருள். டையாக்சைடு சல்பேட்டானால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வீங்கும், ஈயம் இரண்டரை மடங்குக்கும் மேல். மேல் தோல் மட்டும் வீங்கிச் சுருங்கினால் பிளேட் தாங்கும். முழுப் பூச்சும் வீங்கிச் சுருங்கினால் மெல்லிய பாசிட்டிவ் பிளேட்டின் பூச்சு இளகி உதிரும். பழைய பேட்டரியைப் பிரித்தால் அடியில் தேங்கியிருக்கும் காவிச் சேறு அதுதான்.

அதைவிட மோசமானது அப்புறம் நடக்கிறது. முழு சார்ஜில் உள்ள அமிலத்தில் ஈய சல்பேட் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் கரையும். பேட்டரி காலியாக ஆக அமிலம் தண்ணீர் போலாகிறது, கரைதிறன் பல மடங்கு கூடுகிறது. கரைந்தது கரைந்தபடி நிற்பதில்லை. பொடிப் படிகங்கள் கரைந்து, அந்தச் சரக்கு பெரிய படிகங்களின் மேல் போய் ஒட்டுகிறது. பாகில் தொங்கவிட்ட நூலில் கற்கண்டு வளர்வது போலத்தான். சார்ஜ் ஏற வேண்டுமானால் சல்பேட் முதலில் கரைய வேண்டும். சீனி கரையும் வேகத்தில் கற்கண்டு கரையுமா? காலியான அன்றே சார்ஜ் போட்டிருந்தால் படிகங்கள் பொடியாகவே இருந்திருக்கும், பெரும்பாலும் மீண்டுவிடும். வாரக்கணக்கில் காலியாகவே கிடந்தால் கெட்டிப்படும். நல்ல நெகட்டிவ் பிளேட்டை நகத்தால் கீறினால் ஈயம் பளிச்சென்று மின்னும். சல்பேட் ஏறிய பிளேட் வெளிறிப்போய் மணல் போல நறநறக்கும்.

இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரியில் பாசிட்டிவ் பிளேட் தகடே இல்லை. நடுவில் ஈயக் கம்பி, அதைச் சுற்றி மருந்து, அதற்கு மேல் துணிபோல் நெய்த குழாய். மருந்து வீங்கினாலும் குழாய் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இறங்கிய கையோடு மெயின் கரண்ட் வந்து சார்ஜும் ஏறிவிடுவதால் படிகம் கெட்டிப்பட நேரமும் கிடைப்பதில்லை. ஆனால் தடித்த குழாயில் பரப்பு குறைவு. அதே எடைக்குக் கார் பேட்டரி தரும் பாய்ச்சலை அதனால் தர முடியாது.

செத்த பேட்டரியில் ஆஸ்பிரின் மாத்திரை போடு, தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்றெல்லாம் இன்றும் சொல்கிறார்கள். மாத்திரை அமிலத்தில் சிதைந்து பிளேட்டையே அரிக்கும். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குச் சிமெண்டுத் தரையால் ஒன்றும் ஆகாது. இவற்றை நம்பி நாளைக் கடத்துவதற்குள் படிகம் வளர்ந்துவிடுகிறது, என் வருத்தம் அதுதான். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953இலிருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. லித்தியத்துக்கு ஒதுக்கும் ஆர்வத்தில் ஒரு பங்கையாவது இந்தப் பழைய ஈயத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாசகர் தன் பேட்டரியை இப்படிச் சோதிக்கலாம். ஜம்ப் கொடுத்து அரை மணி ஓட்டினால் காலியான பேட்டரி நிறையாது. கழற்றி 3 ஆம்பியர் சார்ஜரில் இரவு முழுக்கப் போட வேண்டும். ஏறும் விதத்தைக் கவனியுங்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் நிதானமாக வாங்கி, பிறகு சில மணி நேரம் சும்மா வைத்தும் 12.6 வோல்ட் காட்டினால் இன்னும் ஓடும். ஒரு மணி நேரத்திலேயே சார்ஜர் "ஃபுல்" என்று சொன்னால் மகிழ வேண்டாம். தூர்ந்துபோன ஏரி முதல் மழைக்கே நிரம்பிவிடும், முதல் வெயிலுக்கே வற்றியும்விடும். அந்தப் பேட்டரி அப்படித்தான் ஆகியிருக்கிறது, மாற்றிவிடுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், 10 எம்.எம். ஸ்பேனர் போதும்.