மூன்று கேட்டால் மூன்று குழு வரும்

மொரீசியஸில் தமிழ் கற்பித்தல் பற்றிப் பெற்றோரிடம் கருத்துக்கணிப்பு எடுக்கும்போது, முடிவில் சில நேரம் ஒரு வட்டப்படம் வந்து நிற்கிறது: “தமிழ்ப் பற்றாளர்”, “நடுநிலையர்”, “விலகியோர்”. கொத்துப் பகுப்பாய்வு கண்டுபிடித்த குழுக்கள் என்று அவற்றை அறிமுகம் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பகுப்பாய்வில் வழக்கமாக ஓட்டும் kmeans என்ற முறை, குழு இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. மூன்று கேட்டால் மூன்று தரும், ஏழு கேட்டால் ஏழு தரும். பிரிவே இல்லாத தரவையும் வெட்டித்தான் கொடுக்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 300 பெற்றோர், 8 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். மூன்று குழுக்களின் சராசரியைப் பார்த்தால் முதல் குழுவுக்கு எல்லாக் கேள்வியிலும் 4.3 அருகில், இரண்டாவதற்கு 3.2 அருகில், மூன்றாவதற்கு 2.1 அருகில். கோடு போட்டுப் பார்த்தால் மூன்றும் தண்டவாளம் போல இணையாகப் போகும், எங்கும் ஒன்றையொன்று வெட்டாது. அப்படியானால் அங்கே மூன்று வகை மனிதர்கள் இருப்பதாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் கூடுதல், குறைவு என்ற ஒரே அளவுகோலை மூன்று துண்டாக நறுக்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த அளவுகோல்கூடத் தமிழ்ப் பற்றாக இருக்க வேண்டியதில்லை. முதல் குழுவிலிருந்து பத்து படிவங்களை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். “தமிழைக் கிரியோல் வழியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்” என்பதற்கும் 5, “தமிழைத் தமிழில் மட்டுமே சொல்லிக்கொடுக்க வேண்டும்” என்பதற்கும் 5 போட்டவர்கள் அங்கே நிறைய இருந்தால், அது எதைக் கேட்டாலும் ஆமாம் என்பவர்களின் குழு. கோயில் வாசலில், தெரிந்தவர் முன்னால் நின்று நிரப்பிய படிவத்தில் இது இன்னும் அதிகமாகலாம். ஒவ்வொருவருடைய எட்டுப் பதில்களிலிருந்தும் அவருடைய சொந்தச் சராசரியைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். எதை எதைவிட மேலாக வைக்கிறார் என்பது மட்டும் மிஞ்சும். உண்மையான ஏற்றத்தாழ்வும் இதில் சேர்ந்தே போய்விடும் என்பதால், இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது முக்கியமான சோதனை, பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். உங்கள் தரவின் சராசரியும் தொடர்புகளும் ஏறக்குறைய அப்படியே கொண்ட, ஆனால் குழுவே இல்லாத போலித் தரவை 200 முறை உருவாக்கி, அதையும் அதே வழியில் பிரியுங்கள். ஒப்பிடுவதற்கு சில்ஹவுட் எண் போதும். ஒருவர் தம் குழுவோடு எவ்வளவு நெருக்கம், அடுத்த குழுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை அது −1 முதல் 1 வரை சொல்லும். விடுபட்ட பதில்களை முதலிலேயே கவனித்துவிடுங்கள், இல்லையென்றால் kmeans ஓடாது. கீழே இருப்பது R நிரல். அதில் d என்பது உங்கள் பதில் அட்டவணை, அதன் முதல் எட்டு நெடுவரிசைகள் அந்த எட்டுக் கேள்விகள்.

```r
m <- as.matrix(d[, 1:8])
sil <- function(a) {
  a <- scale(a)
  k <- kmeans(a, 3, nstart = 50)
  mean(cluster::silhouette(k$cluster, dist(a))[, 3])
}
set.seed(7)
z <- replicate(200, {
  f <- MASS::mvrnorm(nrow(m), colMeans(m), cov(m))
  sil(pmin(pmax(round(f), 1), 5))
})
sil(m); quantile(z, 0.95)
```

உங்கள் எண் 0.24, போலித் தரவு 95% முறை தாண்டாத எல்லை 0.26 என்று வந்தால், குழு இருப்பதற்கு அந்தத் தரவில் சான்று இல்லை. `nstart = 50` என்பதை விட்டுவிடாதீர்கள். தொடக்கப் புள்ளி மாறினாலே விடை மாறும் முறை இது.

குழுக்கள் நிலையானவையா என்று பார்க்க fpc தொகுப்பின் `clusterboot` இருக்கிறது. மாதிரியைத் திரும்பத் திரும்ப எடுத்து, அதே குழு மறுபடி உருவாகிறதா என்று 0 முதல் 1 வரை போகும் ஜக்கார்ட் எண்ணால் அளக்கும். 0.75க்கு மேல் நல்லது, 0.6க்குக் கீழே நம்ப வேண்டாம். ஆனால் நீண்ட ஒரே மேகத்தையும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வெட்ட முடியும். ஆகவே நிலைத்தன்மை மட்டும் போதாது, மேலே சொன்ன ஒப்பீட்டில் தேறிய பிறகே இதற்கு மதிப்பு.

குழுக்களிடையே அந்த எட்டுக் கேள்விகளிலும் வித்தியாசம் உண்டு என்று p மதிப்பு போட்டுக் காட்டுவது சோதனையே அல்ல. அந்தக் கேள்விகளை வைத்துத்தானே பிரித்தோம், வித்தியாசம் வராமல் எங்கே போகும்? பிரிப்பில் சேர்க்காத ஒன்றைப் பாருங்கள். தொடக்கப்பள்ளியில் பிள்ளைக்குத் தமிழை விருப்பப்பாடமாக எடுத்தார்களா என்ற கேள்வி இதற்குப் பொருத்தம். “பற்றாளர்”, “விலகியோர்” இருவரிலும் ஏறக்குறைய அதே விகிதத்தினர் எடுத்திருந்தால், அந்தப் பெயர்களை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

குழு இல்லை என்று தெரிந்தால் எட்டுக் கேள்விகளில் ஒத்துப்போகிறவற்றைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகக் கொடுக்கலாம். வகுப்பு ஒதுக்கவோ கடிதம் அனுப்பவோ மூன்றாகப் பிரித்தே ஆக வேண்டுமா, பிரியுங்கள். “இந்த எல்லைகளை வசதிக்காக நாங்கள் வகுத்தோம்” என்ற வரியை மட்டும் படத்துக்குக் கீழேயே, கண்ணில் படும் அளவில் அச்சிடுங்கள்.