"நன்றி: இணையம்" என்று எவருக்கும் பெயர் இல்லை

சென்ற வாரம் எங்கள் இதழின் முழுப்பக்கத்துக்காக ஒரு பூநாரைப் படம் வந்தது. எக்ஸ் தளத்தில் கண்ட படத்தைச் சேமித்து, ஒளிப்படக்காரர் மூலையில் இட்டிருந்த பெயரை வெட்டி எறிந்துவிட்டு, "நன்றி: இணையம்" என்ற குறிப்புடன் அனுப்பியிருந்தார்கள். இந்த மாதத்தில் இது நான்காவது.

படத்தின் அகலம் 680 பிக்சல். அச்சில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பதால், அது இரண்டேகால் அங்குலத்துக்குத்தான் போதும். "பெரிதாக்கிக்கொள்ளுங்களேன்" என்கிறார்கள். பெரிதாக்கினால் இறகுகள் கூடுவதில்லை, மங்கல்தான் கூடுகிறது.

கணினியின் உலாவியில் பதிவைத் திறந்து, படத்தின் மீது வலச்சொடுக்கித் தனித் தாவலில் திறந்தால், முகவரியின் இறுதி இவ்வாறு இருக்கும்:

```
?format=jpg&name=small
```

இதில் small என்பதை orig என்று மாற்றி என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அதே பூநாரை 4096 பிக்சல் அகலத்தில், பதின்மூன்று அங்குலத்துக்கு மேல் அச்சிடும் தெளிவுடன் கிடைத்தது. இதுவும் கேமராவில் பதிவான கோப்பு அன்று. தளம் தன்னிடம் வைத்திருக்கும் மிகப் பெரிய பிரதி மட்டுமே.

காணொளித் துணுக்குகளுக்குத் திரைப்பதிவு வேண்டாம். அது மறுபடியும் சுருக்கப்பட்ட நகல். நடுவில் உங்கள் மாமாவின் குறுஞ்செய்தியும் எட்டிப்பார்க்கும். எடுத்தவரிடமே கோப்பைக் கேளுங்கள்.

என்னை அதிகம் சலிப்படையச் செய்வது, பகிர்ந்தவரையே படைத்தவராகக் கொள்ளும் பழக்கம். பூநாரைப் பதிவை இட்ட கணக்கு, பிறர் எடுத்த பறவைப் படங்களைத் திரட்டி இடும் கணக்கு. அதன் பெயரைப் போட்டிருந்தால் தவறான ஆளுக்கு நன்றி சொல்லியிருப்போம். படத்தைக் கூகுள் லென்ஸில் தேடியபோது, வெட்டப்படாத மூலையுடன் முந்தைய தேதியிட்ட பதிவு கிடைத்தது. எக்ஸ் தளம் படத்தோடு வரும் கேமரா விவரங்களை நீக்கிவிடுவதால், கோப்புக்குள் பெயரைத் தேடிப் பயனில்லை. ஆகவே சேமிக்கும்போதே கோப்பின் பெயரில் எடுத்தவரின் கணக்குப் பெயரையும் தேதியையும் எழுதி, பதிவின் இணைப்பையும் உடன் குறித்துவையுங்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டவர் எவரும் பிறகு செய்ததில்லை.

பெயரைப் போட்டுவிட்டால் அனுமதி தேவையில்லை என்ற எண்ணமும் பிழையானது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னும் இது தன் படைப்பு என்று உரிமைகோரும் உரிமையைப் படைத்தவருக்கே விட்டுவைக்கிறது. வெளியிடுவதற்கான இசைவு அதிலிருந்து வேறானது. அதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

நாங்கள் இரண்டு வரியில் கேட்டோம். அன்று மாலையே அவர் கேமராக் கோப்பை, வாட்ஸ்அப் சுருக்கிவிடாதபடி ஆவணமாக இணைத்து அனுப்பினார். பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து விடுபடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.