படிநிரல்: அவுட்லைனைச் சுருக்கம் என்று எழுதாதீர்கள்

போன தவணையில் ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பயிற்சித்தாளில் ஒரு வரி இருந்தது: 'மனவரைபடத்தை எண்ணிட்ட சுருக்கமாக மாற்றுக.' பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்கு வரிப் பந்தி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. சுருக்கு என்றால் சுருக்கத்தானே செய்வார்கள்? தாள் உண்மையில் கேட்டது அவுட்லைனை, அதாவது தலைப்புகளையும் அவற்றின் கீழ்வரும் உட்தலைப்புகளையும் எண்ணிட்டு வரிசையாக எழுதும் வடிவத்தை. அதைத்தான் 'சுருக்கம்' என்று மொழிபெயர்த்திருந்தார்கள்.

அவுட்லைன் என்பது ஆங்கிலத்தில் முதலில் ஓர் உருவத்தின் விளிம்புக் கோடு. அப்புறம் ஒரு பொருளின் முதன்மைக் கூறுகளைக் காட்டும் வரைவு என்று பொருள் விரிந்தது. இதனால்தான் சிலர் 'வெளிக்கோடு' என்றும் எழுதுகிறார்கள். ஓவியப் பாடத்துக்கு அது சரி, இந்த வேலைக்குப் பொருந்தாது.

என் பெரிய வழக்கு 'சுருக்கம்' என்ற சொல்லோடுதான். சுருக்கத்தில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். மனவரைபடத்தை அவுட்லைன் ஆக்கும்போது ஒன்றையும் விடக்கூடாது. அந்தப் பிள்ளைகள் தேயிலை தயாராகும் விதத்தைத்தான் வரைந்திருந்தார்கள். நடுவில் 'தேயிலை'. சுற்றி, வலது மேல் மூலையிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் கொழுந்து பறித்தல், வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், தரம்பிரித்தல் என்று ஆறு கிளைகள். அவற்றிலிருந்து 13 சிறு கிளைகள். ஆக, தலைப்புக்குக் கீழே 19 வரிகள் வர வேண்டும். எண்ணிப் பார்த்து 19க்குக் குறைந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சுருக்கத்தை இப்படி எண்ணிச் சோதிக்க முடியாது.

இரண்டாவது, படி. வாட்டுதலின் கீழே 'காற்று', 'நேரம்' என்று இரண்டு கிளைகள் இருந்தன. வாட்டுதல் 2 என்றால் அவை 2.1, 2.2 ஆக வேண்டும். ஒரு பிள்ளை 1 முதல் 19 வரை நேராக எண்ணிட்டு வந்ததில் 'காற்று' தேயிலைத் தயாரிப்பின் ஒரு கட்டம் போல நின்றது. எண்ணில் உள்ள அந்தப் புள்ளிதான் யாருக்குக் கீழே யார் என்று சொல்கிறது. கணினியில் செய்பவர்கள் எண்ணைக் கையால் தட்டாமல் பல படிப் பட்டியலைத் தெரிவு செய்து, Tab விசையால் ஒரு படி இறக்கினால் போதும். நடுவில் ஒரு வரி சேர்த்தாலும் எண்கள் தாமே திருந்திக்கொள்ளும்.

மூன்றாவது, வரிசை. இங்கேதான் அதிகம் பிசகுகிறது. கடிகாரத் திசையில் வரைந்த படத்தில் வலப்பக்கக் கிளைகள் மேலிருந்து கீழே போகும், இடப்பக்கத்தவை கீழிருந்து மேலே ஏறும். ஒரு பிள்ளை இடப்பக்கத்தையும் மேலிருந்தே வாசித்து 4 தரம்பிரித்தல், 5 உலர்த்துதல், 6 நொதித்தல் என்று எழுதிவிட்டது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் எந்த அம்மாவும் அதைப் பார்த்தவுடன் சிரிப்பார்: ஈரக் கொழுந்தைச் சலித்துத் தரம் பிரித்துவிட்டு அப்புறமா நொதிக்க வைப்பீர்கள்? வரிசை தெரியாத பாடமாயிருந்தால் அந்தப் பிழை வெளியே தெரியாமலே போயிருக்கும். அதனால் எழுதத் தொடங்குமுன் படத்திலேயே ஆறு கிளைகளுக்கும் பென்சிலால் எண் போட்டுவிடச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் பொருத்தமாக நான் எழுதுவது 'படிநிரல்'. படி என்பது மேல்–கீழ், நிரல் என்பது முன்–பின். தொல்காப்பியம் நூலின் உட்பிரிவான ஓத்து என்பதை விளக்கும்போது 'நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு' என்கிறது. ஒரே இன மணிகளை வரிசையாகக் கோப்பது போல, ஓரினப் பொருள்களை ஓரிடத்தில் வைப்பது. நமக்கு வேண்டியதும் அதேதான். அட்டவணையில் குறுக்கு வரிசையை நிரை, நெடுக்கு வரிசையை நிரல் என்று படித்த பிள்ளைகள் குழம்புவார்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னார். நியாயமான பயம்தான், ஆனால் முன்னால் 'படி' நிற்கும்போது அந்தக் குழப்பம் வருவதை நான் வகுப்பில் பார்த்ததில்லை. 'பட்டியல்' என்று சொல்லலாமே என்றும் கேட்டார்கள். கடைக்குப் போக எழுதும் சாமான் பட்டியலில் படி கிடையாது, வரிசை மாறினாலும் பாதகமில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்து ஒரு பிள்ளை கையால் என்ன செய்யும் என்று யோசிப்பதில்லை. அடுத்த தவணைத் தாளில் அந்த வரியை நானே இப்படித் திருத்திக் கொடுத்திருக்கிறேன்: 'மனவரைபடத்தின் கிளைகளை எண்ணிட்ட படிநிரலாக எழுதுக. எந்தக் கிளையும் விடுபடக் கூடாது.'