நனைந்த போனும் ‘மப்பளே’ என்ற செய்தியும்

குளச்சல் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையை அனுப்பி, அதிலுள்ள அறிவியல் சரியா என்று கேட்டிருக்கிறார். வள்ளத்தில் போகும் மீனவர் ஒருவர். மகள் ஜெர்மனியில் மேற்படிப்புப் படிக்கிறாள். அலையில் போன் நனைந்துவிடுகிறது. கரையேறியதும் அவர் “மக்களே சாப்பிட்டியா” என்று அடித்து அனுப்புகிறார். மகளுக்குப் போய்ச் சேர்வது வேறேதோ. ‘உப்புக் காற்றில் அலைவரிசை குழம்பி எழுத்துகள் இடம் மாறின’ என்று கதை சொல்கிறது.

எழுத்துகள் மாறுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அது காற்றில் நடக்காது, அப்பாவின் விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நடக்கும்.

காற்றில் ஏன் நடக்காது என்பதை முதலில் முடித்துவிடலாம். யூனிகோடின் UTF-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட்டாகப் பயணிக்கிறது. ‘ம’ என்பது `E0 AE AE`, ‘ய’ என்பது `E0 AE AF`. இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். எனவே வழியில் ஒரு பிட் புரண்டால் ‘மக்களே’ என்பது ‘யக்களே’ ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் 4ஜி போன் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் வாலிலும் 24 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று ஒட்டியிருக்கிறது. கணக்கு இடித்தால் கோபுரம் ‘மறுபடி அனுப்பு’ என்றுவிடும். அதற்கும் மேல், இன்றைய செய்திச் செயலிகள் செய்தியைப் பூட்டியே அனுப்புகின்றன. ஒரு பிட் மாறினாலும் மறுமுனையில் பூட்டு திறக்காது. சிக்னல் மோசமாக இருந்தால் செய்தி தாமதமாகும் அல்லது போகாமல் கிடக்கும். குழம்பிய செய்தி போகாது.

இனி கண்ணாடிக்கு வருவோம். தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கடத்திக் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன, வலைக் கண்ணிகளைப் போல. பெரும்பாலும் இந்தியம்-டின் ஆக்சைடு என்ற ஒளி ஊடுருவும் பொருளில் செய்தவை. இரண்டு கோடுகள் கடக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின்தேக்கி. சில்லு ஒரு கோட்டில் மின்துடிப்பை அனுப்பி, குறுக்குக் கோட்டில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அளக்கிறது. முழுத் திரையையும் ஒரு விநாடிக்குள் பல பத்து முறை இப்படித் துழாவிவிடும்.

விரல் வைத்தால் என்ன ஆகிறது? நம் உடம்பு பெரிய கடத்தி. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போகவேண்டிய மின்புலத்தில் கொஞ்சத்தை விரல் உறிஞ்சிக்கொள்கிறது, மடையில் பக்கவாய்க்கால் வெட்டியதுபோல. மறுபக்கம் வந்து சேர்வது குறைகிறது. எங்கே குறைந்ததோ அங்கே விரல் இருக்கிறது. பக்கத்துக் கண்ணிகளிலும் சற்றுக் குறையும். எல்லாவற்றையும் சேர்த்து நடுப்புள்ளியைக் கணக்கிட்டு, ‘இந்த எழுத்துதான்’ என்று சில்லு முடிவு செய்கிறது.

ஒரு தண்ணீர்த் துளி தனியாகக் கிடந்தால் நேர் எதிரானது நடக்கிறது. துளிக்கு உடம்போடோ தரையோடோ தொடர்பில்லை. அது மின்புலத்தை எடுத்துக்கொள்வதற்குப் பதில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே பாலமாகிறது. மறுபக்கம் வந்து சேர்வது கூடுகிறது. விரல் என்றால் குறையவேண்டும், இங்கே கூடியிருக்கிறது, ஆகவே இது தண்ணீர் என்று நல்ல சில்லு கண்டுகொண்டு ஒதுக்கிவிடும். ஒரு மெல்லிய கண்ணாடிக்கு மேலே கிடப்பது விரலா துளியா என்பதை, கூடுதல் குறைவு என்ற ஒரே குறியை வைத்துப் பிரித்தறியும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்புதான்.

கடல்நீர் இந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடுகிறது. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீர், குழாய்த் தண்ணீரைவிட நூறு மடங்கு அளவில் நன்றாக மின்சாரம் கடத்தும். அது துளியாக இல்லாமல் படலமாகப் பரவியிருக்க, அதன்மேல் விரல் பட்டால் படலம் முழுவதும் விரலின் நீட்சியாகிவிடுகிறது. போனின் உலோக விளிம்பு வரை நீர் வழிந்திருந்தால், பிடித்திருக்கும் கை வழியாகவே அது உடம்போடு இணைந்து, விரல் வைக்காமலே தொடுகை பதிவாகும். கடைக்காரர்கள் ‘கோஸ்ட் டச்’ என்பது இதைத்தான். பேய்க்கு இதில் வேலையில்லை, உப்புக்குத்தான்.

அப்பாவின் செய்தியை எடுத்துக்கொள்வோம். அவர் போனில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய என்று அடுத்தடுத்து இருக்கும். ‘மக்களே’ என்று வர ம, க, க, ள, ஏ என்று அழுத்தவேண்டும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் புள்ளி தானே விழுவது தமிழ்99-இன் சிறப்பு. இப்போது க, ப இரண்டின்மீதும் ஈரப் படலம் கிடக்கிறது. அவர் ‘க’வை அழுத்துகிறார், நடுப்புள்ளியோ ‘ப’ பக்கம் நகர்கிறது. இரண்டு முறையும் அப்படியே. வருவது ‘மப்பளே’. ந, ய மேலும் ஈரம் இருந்தால் அடுத்த சொல் ‘சாப்பிட்டிநா’. மேல் வரிசையிலுள்ள ச, ட, ள மூன்றும் காய்ந்திருப்பதால் பிழையில்லாமல் வருகின்றன. கதாசிரியர் கவனிக்கவேண்டியது இதைத்தான். குழப்பம் எங்கும் சிதறி வராது, ஈரம் கிடந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வரும். மகள் கொஞ்சம் கூர்மையானவளாக இருந்தால், நாலு செய்தியைப் பார்த்தே திரையில் எந்த மூலை நனைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

விசைப்பலகைக்கு மேலே சொற்களைப் பரிந்துரைக்கும் பட்டையில் ஈரம் பட்டால் வேறொரு விளையாட்டு. அங்கே ஒவ்வொரு தவறான தொடுகையும் ஒரு முழுச் சொல்லைக் கொண்டுவந்து போடும், அதுவும் அவர் அடிக்கடி எழுதும் சொல்லாக. ‘வலை நாளைக்கு ஐஸ் அம்மா’ என்று ஏதோ மறைபொருள் போலச் செய்தி போகும். இதைப் பார்த்துத்தான் பலர் போனை யாரோ ஹேக் செய்துவிட்டதாகப் பயப்படுகிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் சோதிப்பது எளிது. அமைப்புகளில் `Build number` என்பதை ஏழு முறை தட்டினால் `Developer options` திறக்கும். அதில் `Pointer location` என்பதை இயக்குங்கள். விரல் படாமலே திரையில் குறுக்குக் கோடுகள் தோன்றினால் குற்றவாளி ஈரமோ பழுதான திரையோதான்.

நனைந்தால் செய்யவேண்டியது: உடனே அணைக்கவேண்டும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். சார்ஜர் துளையில் ஈரமிருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது. 5 வோல்ட் மின்னழுத்தமும் உப்புநீரும் சேர்ந்தால் உள்ளிருக்கும் ஊசிகள் சில மணி நேரத்திலேயே அரித்துப் பச்சை பூத்துவிடும். அரிசியில் புதைப்பது வீண். அரிசி உப்பை எடுக்காது, தூசியைத்தான் கொடுக்கும். ஆப்பிள் நிறுவனமே 2024-இல் அரிசி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நீர் புகாது என்று பெட்டியில் போட்டிருக்கும் ஐபி68 முத்திரையும் நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுப்பது. முட்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் போன் விற்பவர்கள் கடல்நீரில் ஏன் சோதிப்பதில்லை? நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கு இது ஒரு வாளி கடல்நீரோடு முடிகிற ஆய்வு. அதற்குப் பணம் ஒதுக்க ஆளில்லை.

கதாசிரியருக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. துடைக்காமல் காயவிட்டால் திரையில் உப்புப் படலம் தங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உப்புப் பரணியில் கல்லுப்பு கசிவது இதனால்தான். உச்சிவெயிலில் ஒழுங்காக வேலை செய்யும் போன், ஈரப்பதம் ஏறிய விடியற்காலையில் மறுபடி உளறும். அப்பா கடலுக்குப் போகும்முன் 5 மணிக்கு அனுப்பும் ‘மப்பளே’, கோடைக்காலமென்றால் ஜெர்மனியில் இரவு 1.30-க்கு மகளின் தலையணை அருகே ஒலிக்கும்.