ஒரே நிறை, இரண்டு விடை

யாழ்ப்பாணத்தில் க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் இப்போது விஞ்ஞானத்துக்கு யூடியூப் பார்க்கிறார்கள். தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடங்கள். நல்ல பாடங்கள்தான். ஆனால் எங்கள் புத்தகத்துக் கலைச்சொற்களும் அங்கத்தையவையும் தனித்தனியாக வளர்ந்தவை. 1847 இல் இலங்கை வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த காலத்திலிருந்தே இங்கே விஞ்ஞானத் தமிழுக்கு ஒரு தனிவழி உண்டு. இரண்டு வழியையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும்போது சில இடங்களில் கணக்குப் பிழைக்கிறது.

அங்கே முடுக்கம் என்பது இங்கே ஆர்முடுகல். அங்கே எலக்ட்ரான், இங்கே இலத்திரன். அங்கே தனிமம், இங்கே மூலகம். இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. தெரியாத சொல் காதில் விழுந்தால் பிள்ளை நின்று "இது என்ன?" என்று கேட்கும். ஆபத்து தெரிந்த சொல்லில்தான் இருக்கிறது. இரண்டு கரையிலும் ஒவ்வொரு திருநெல்வேலி இருப்பதுபோல, ஒரே சொல் இரண்டு கரையிலும் வேறு வேறு கணியத்துக்குப் பெயராக நின்றால் யாரும் நின்று கேட்கமாட்டார்கள்.

முதலாவது, நிறை. ஒரு பொருளில் எவ்வளவு சடப்பொருள் இருக்கிறது என்பதை எங்கள் புத்தகம் திணிவு என்கிறது. அதன் அலகு கிலோகிராம். அந்தத் திணிவைப் பூமி இழுக்கும் விசைக்கு நிறை என்று பெயர். விசை என்பதால் அதன் அலகு நியூற்றன். தமிழ்நாட்டுப் புத்தகத்திலோ சடப்பொருளின் அளவுதான் நிறை. பூமி இழுக்கும் விசைக்கு அங்கே எடை என்று வேறு சொல் இருக்கிறது.

இதனால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காணொளியில் ஆசிரியர் சொல்கிறார்: "10 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் மீது 20 நியூட்டன் விசை செயல்படுகிறது. முடுக்கம் என்ன?" விசையை நிறையால் வகுத்து 2 என்கிறார். அவருடைய நிறை எங்கள் திணிவு என்பதால் விடை சரி. இங்கே ஒரு பிள்ளை நிறை என்ற சொல்லைக் கண்டவுடன் பழக்கத்தில் அதைப் புவியீர்ப்பு ஆர்முடுகலான 10 ஆல் வகுத்துத் திணிவு 1 கிலோகிராம் என்று எடுக்கும். விடை 20 ஆகிவிடும்.

மறுபக்கமும் உண்டு. எங்கள் வினாத்தாளில் "நிறை 50 N ஆகவுள்ள பொருளின் மீது 10 N விளையுள் விசை தாக்குகிறது" என்று வந்தால், W = mg என்ற சமன்பாட்டின்படி திணிவு 5 கிலோகிராம், ஆர்முடுகல் 2. காணொளிப் பழக்கத்தில் 50 ஐயே திணிவாக எடுத்தால் 10 ஐ 50 ஆல் வகுத்து 0.2 வரும். இரண்டு பிழையும் சரியாகப் பத்து மடங்கு. விடைத்தாளில் ஆர்முடுகல் பத்து மடங்கு கூடியோ குறைந்தோ கிடந்தால், பிள்ளைக்கு நியூற்றனின் விதி தெரியவில்லை என்று முடிவு கட்டமுன் இதைச் சந்தேகிக்கலாம்.

இதில் சந்தையும் தன் பங்குக்குக் குழப்புகிறது. திருநெல்வேலிச் சந்தையில் ஒரு மூடை வெங்காயத்தை நிறுத்து "நிறை 50 கிலோ" என்பார்கள். புத்தகத்தின்படி அந்த 50 கிலோகிராம் திணிவு. நிறை ஏறத்தாழ 500 நியூற்றன். தொங்கவிடும் வில்தராசு உண்மையில் உணர்வது அந்த 500 நியூற்றன் இழுவையைத்தான். ஆனால் முகப்பில் கிலோகிராம் அடையாளம் இட்டிருப்பதால் நாங்கள் கிலோவாக வாசிக்கிறோம். அதே மூடையையும் தராசையும் சந்திரனுக்குக் கொண்டுபோனால் ஈர்ப்பு அங்கே ஆறிலொரு பங்கு என்பதால் முள் 8 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். வெங்காயம் ஒன்றும் குறைந்திருக்காது. படிக்கல் வைத்து நிறுக்கும் இருதட்டுத் தராசு என்றால் அங்கேயும் 50 கிலோதான். படிக்கல்லின் மீதான இழுவையும் அதே பங்குக்குக் குறைவதால் தட்டுகள் சமனாகவே நிற்கும்.

நிறை விஷயத்தில் காப்பாற்றுவது அலகு. எண்ணுக்குப் பின்னால் kg இருந்தால் அது திணிவு, N இருந்தால் அது இழுவிசை. சொல் எதுவாயினும் சரி. அழுத்தம் என்ற சொல்லுக்கும் இதே வழி செல்லும். அங்கே அது பாயி சுவரை அழுத்துவது. அதை நாங்கள் அமுக்கம் என்கிறோம். எங்கள் மின்னியலில் அழுத்த வேறுபாடு என்றால் மின்கலத்தின் இரு முனைகளுக்கு இடையே இருப்பது. பின்னால் பாஸ்கல் நிற்கிறதா வோல்ற்று நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆனால் அலகும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஒரு பிள்ளை 400 மீற்றர் ஓட்டத்தை 80 செக்கனில் ஓடி, புறப்பட்ட கோட்டிலேயே வந்து முடிக்கிறது என்று வையுங்கள். பாதை சரியாக ஒரு சுற்று. "சராசரி வேகம் என்ன?" என்று கேட்டால் தமிழ்நாட்டு மாணவர் 5 என்பார். எங்கள் மாணவர் பூச்சியம் என்பார். இருவருக்கும் முழுப்புள்ளி கொடுக்கவேண்டும்.

ஓடிய தூரத்தை நேரத்தால் வகுத்தால் வருவதை எங்கள் புத்தகம் கதி என்கிறது, அங்கே அதற்கு வேகம் என்று பெயர். புறப்பட்ட இடத்திலிருந்து முடித்த இடத்துக்கான நேர்கோட்டு இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் வருவது இங்கே வேகம், அங்கே திசைவேகம். ஒரு சுற்றில் இடப்பெயர்ச்சி இல்லை, ஆகவே எங்கள் வேகம் பூச்சியம். இரண்டுக்கும் அலகு ஒன்றே, செக்கனுக்கு மீற்றர். எனவே இங்கே பார்க்கவேண்டியது திசை. கிழக்கு என்றோ மேல்நோக்கி என்றோ சொல்லாமல் விடை முழுமையாகுமா என்று கேட்டால் எந்தக் கணியம் என்று தெரிந்துவிடும். திசைவேகம் என்ற சொல் அந்தக் கேள்வியைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. எங்கள் சொல்லைவிட அது நல்ல சொல் என்பது என் எண்ணம். பரீட்சையில் எழுதவேண்டியது என்னவோ வேகம்தான்.

இரசாயனத்தில் இதைவிட வழுக்கலான ஒன்று காரம். அமிலத்தோடு தாக்கமுற்று உப்பையும் நீரையும் தரும் ஒட்சைட்டு, ஐதரொட்சைட்டு போன்றவற்றை எங்கள் புத்தகம் மூலம் என்கிறது. அவற்றுள் நீரில் கரைபவை மட்டுமே காரம். தமிழ்நாட்டில் முழுக் கூட்டத்துக்கும் காரம் என்று பெயர், நீரில் கரைபவை எரிகாரம்.

கறுப்பு நிறச் செப்பு ஒட்சைட்டை எடுத்துப் பாருங்கள். CuO தூளை நீரில் போட்டுக் கலக்கினால் கரையாமல் அடியில் படியும். சிவப்புப் பாசிச்சாயத்தாளை அந்த நீரில் தோய்த்தாலும் நீலமாகாது. ஐதான சல்பூரிக்கமிலத்தில் போட்டு இளஞ்சூடாக்கினால் கறுப்பு மெல்ல மறைந்து தெளிந்த நீலக் கரைசல் வரும்.

CuO + H₂SO₄ → CuSO₄ + H₂O

அமிலத்தோடு உப்பும் நீரும் தந்ததால் அது மூலம். நீரில் கரையாததால் எங்கள் கணக்கில் அது காரம் அல்ல. அதே தூள் காணொளியில் தயக்கமின்றிக் காரம் என்று அழைக்கப்படும். "செப்பு ஒட்சைட்டு ஒரு காரமாகும்" என்ற கூற்றுக்குச் சரி, பிழை போடச் சொன்னால் இங்கே பிழை, அங்கே சரி. இதற்கு அலகும் இல்லை, திசையும் இல்லை. பொருள் நீரில் கரையுமா என்று மட்டும் கேட்கவேண்டும். சோடியம் ஐதரொட்சைட்டு கரையும் என்பதால் அது இரு கரையிலும் காரம்தான்.