நீண்ட நேர்முடிக்கு லேயர் கட்: நுனிகள் எங்கே விழுகின்றன?

இடுப்பு வரை ஒரே நீளத்தில் வளர்ந்த நேர்முடி தலையோடு படிந்து, பலகைபோல ஒரே துண்டாகத் தொங்குவதற்கு அதன் எடைதான் முதற்காரணம். 70 செ.மீ. நீளமும் 0.07 மி.மீ. விட்டமும் உள்ள ஒரு முடியின் எடை ஏறத்தாழ 3.5 மில்லிகிராம், தலையில் 1 லட்சம் முடி இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 350 கிராம் வருகிறது. முடியின் வேர்ப்பகுதி தனக்குக் கீழே உள்ள முழு எடையையும் தாங்குகிறது. கீழே போகப்போக அந்த இழுவிசை குறைந்து, நுனியில் இல்லாமலே போகிறது.

குதிரைவால் கொண்டையின் வடிவத்தை ரேமண்ட் கோல்ட்ஸ்டீன், பேட்ரிக் வாரன், ராபின் பால் ஆகிய மூன்று இயற்பியலாளர்கள் 2012-இல் கணக்கிட்டபோது, முடியின் விறைப்பைப் புவியீர்ப்பு மிஞ்சத் தொடங்கும் நீளம் சுமார் 5 செ.மீ. என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த அளவை வைத்துப் பார்த்தால், நீண்ட முடியில் கடைசிச் சில சென்டிமீட்டர்கள் மட்டுமே தாராளமாக வளையவும் விலகவும் ஆடவும் கூடியவை. அவற்றுக்கு மேலுள்ள பகுதி இழுத்துக் கட்டிய நூலைப் போன்றது. ஒரே நீளமாக வெட்டிய கூந்தலில் இந்த ஆடும் நுனிகள் அனைத்தும் ஒரே கோட்டில், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. லேயர் வெட்டு செய்வதெல்லாம் இந்த நுனிகளைக் கூந்தலின் உயரமெங்கும் பரப்பி வைப்பதுதான்.

எப்படிப் பரப்புவது என்பது முடியை எந்தக் கோணத்தில் தூக்கிப் பிடித்து வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு பெண்ணின் உச்சியிலிருந்து பிடரி வரை தலையின் வளைவு 20 செ.மீ. என்றும், உச்சிமுடி 70, பிடரிமுடி 50 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம், இரண்டின் நுனியும் இடுப்பில் ஒரே கோட்டில் முடிகின்றன. இப்போது எல்லா முடியையும் உச்சிக்கு நேர்மேலே சீவித் தூக்கி, உச்சியிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் வெட்டினால் என்ன ஆகும்? உச்சிமுடி 40 செ.மீ. ஆகிவிடும். உச்சிக்கு 5 செ.மீ. கீழே முளைத்த முடி, உச்சி வரை ஏறவே 5 செ.மீ. செலவிட்டிருப்பதால் 45 செ.மீ. நீளம் மிஞ்சும், அதைக் கீழே விடும்போது நுனி உச்சியிலிருந்து 50 செ.மீ. தொலைவில் விழும். 10 செ.மீ. கீழே முளைத்ததன் நுனி 60-இல் விழும். 15 செ.மீ.க்குக் கீழே முளைத்த முடி கத்தரியை எட்டுவதே இல்லை. ஆக, வேர் 1 செ.மீ. இறங்கினால் நுனி 2 செ.மீ. இறங்குகிறது, நுனிகள் 30 செ.மீ. பரப்பில் விரிகின்றன, இடுப்பு வரையிலான நீளமும் குறையவில்லை.

இதே முடியைத் தலைக்குச் செங்குத்தாக, அதாவது 90 பாகையில் பிடித்து எங்கும் 40 செ.மீ. விட்டு வெட்டினால் பிடரிமுடியும் 40 ஆகி, கூந்தல் 10 செ.மீ. ஏறிவிடும். “நீளம் குறையாமல் லேயர்” கேட்டுவிட்டு முதுகு நடுவே நின்ற கூந்தலோடு திரும்பும் பலரின் கதை பெரும்பாலும் இந்தக் கோணத்தில்தான் நிகழ்ந்திருக்கும்.

வேர்ப்பகுதியும் உப்பி எழும் என்று பார்லர்களில் சொல்வதை நான் முழுவதும் ஏற்பதில்லை. மேற்சொன்ன 5 செ.மீ. அளவிலிருந்து மதிப்பிட்டால், வேரருகே முடி தன் விறைப்பால் நிமிர்ந்து நிற்கும் பகுதி 70 செ.மீ. முடிக்கு சுமார் 1.3 செ.மீ.; அதை 40 ஆக்கினால் 1.8 செ.மீ. அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணாடியில் தேடத்தான் வேண்டும். அசைவு அப்படியல்ல: தொங்கும் இழையின் ஊசல்நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது என்பதால், நடக்கும்போது 40 செ.மீ. கற்றையும் 70 செ.மீ. கற்றையும் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. பலகை உடைவது இங்கேதான்.

சுருள்முடியில் மறைந்துவிடும் பிழை நேர்முடியில் படிக்கட்டாகத் தெரியும். அதனால் நுனியைக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டாமல், கத்தரியின் முனையை முடியின் நீளவாக்கில் நுழைத்துச் சிறுசிறு கொத்தாக வெட்ட வேண்டும். முடியின் அடர்த்தியைக் குறைக்கும் தின்னிங் கத்தரியை வேரருகே ஓட்டினால், விட்டுப்போன குட்டை முடிகள் விறைத்து நின்று மேல்முடியைக் குத்தித் தள்ளும். சில வாரங்களில் அது சிலிர்ப்பாகத் தெரியும். அடர்த்தி குறைந்த கூந்தலில் 40 என்பதே துணிச்சல்: இடுப்பை எட்டும் முடி மிகச் சிலவாகி, கீழ்ப்பகுதி எலிவாலாக இளைத்துவிடும். அவர்களுக்கு 55-இல் வெட்டுவது பொருந்தும்; அப்போது நுனிகள் கடைசி 15 செ.மீ.க்குள் மட்டுமே விரியும்.

தினமும் பின்னல் போடுபவர் வெட்டுமுன் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். உச்சிமுடியின் 40 செ.மீ. பின்னலின் நடுவிலேயே தீர்ந்துபோகும்; அங்கிருந்து கீழே நுனிகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டே இருக்கும், எண்ணெய் வைத்தாலும் முழுமையாக அடங்காது.