24 விற்பனைக்கு எத்தனை ஃபாலோயர்கள் வேண்டும்? கணக்கைப் பின்னாலிருந்து போடுவது எப்படி

சமூக ஊடகத்தில் விற்பவர்களிடம் இலக்கு என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஃபாலோயர் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். இந்த மாதம் பத்தாயிரம், அடுத்த மாதம் இருபதாயிரம் என்பார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. ஃபாலோயர் எண்ணிக்கை கணக்கின் கடைசி வரியாக வரவேண்டியது. அதை முதல் வரியாக வைப்பதால்தான் மாதக் கடைசியில் ஃபாலோயர்கள் கூடியிருந்தும் விற்பனை அப்படியே நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். இணையவழிப் பயிற்சி வகுப்பு நடத்துபவர் ஒருவருக்கு மாதம் 24 சேர்க்கை வேண்டும். பக்கத்தில் 6,000 ஃபாலோயர்கள். மாதம் 12 பதிவுகளில் வகுப்புக்கான இணைப்பைத் தருகிறார். கடந்த மூன்று மாதங்களின் 36 பதிவுகளையும் கூட்டினால் பதிவுகள் எட்டிய ஆட்களின் எண்ணிக்கையான ரீச் 21,600, இணைப்பைத் தட்டியவர்கள் 324, படிவம் நிரப்பிய லீடுகள் 65, பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் 5.

இதிலிருந்து மூன்று விகிதங்கள் கிடைக்கின்றன. ரீச்சிலிருந்து கிளிக் 1.5%. கிளிக்கிலிருந்து லீட் 20%. லீடிலிருந்து விற்பனை சுமார் 8%. இனி ஒவ்வொரு படியிலும் வேண்டிய எண்ணிக்கையை அந்தப் படியின் விகிதத்தால் வகுத்துக்கொண்டே மேலே போகவேண்டும்.

```
லீட்   = 24 / 0.08    = 300
கிளிக் = 300 / 0.20   = 1,500
ரீச்   = 1,500 / 0.015 = 1,00,000
```

ஒரு பதிவு சராசரியாக 600 பேரை, அதாவது ஃபாலோயர்களில் 10% அளவை எட்டுகிறது. 12 பதிவுகள் சேர்ந்தால் ரீச் ஃபாலோயர் எண்ணிக்கையைப் போல 1.2 மடங்கு. ஆக, ஒரு லட்சம் ரீச்சுக்குச் சுமார் 83,000 ஃபாலோயர்கள் வேண்டும். கையில் இருப்பது 6,000.

இந்த இடத்தில் பலர் ஃபாலோயர் வேட்டையில் இறங்கிவிடுகிறார்கள். பரிசுப் போட்டி வைத்தோ காசு கொடுத்தோ எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள். அப்படி வந்தவர்களுக்கு வகுப்பில் நாட்டமே இல்லை. 83,000 என்ற எண்ணே 10%, 1.5% என்ற விகிதங்கள் மாறாது என்ற அனுமானத்தில் நிற்கிறது. புதிதாக வந்தவர்கள் பதிவைப் பார்க்காமல் கடந்துபோகும்போது அந்த இரண்டு விகிதங்களும் விழுந்துவிடும். எண்ணிக்கை இரட்டிப்பானாலும் கிளிக் நகராது.

அதற்கு முன், விகிதங்களை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கவேண்டும். 65 லீடுகளில் 5 விற்பனை என்பது மிகச் சிறிய தரவு. இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தால் அதுவே கிட்டத்தட்ட 11% ஆகியிருக்கும். புள்ளியியல்படி இவ்வளவு சிறிய தரவிலிருந்து உண்மையான விகிதம் ஏறக்குறைய 3% முதல் 17% வரை எங்கேயும் இருக்கலாம். அப்படியானால் 24 விற்பனைக்கு வேண்டிய லீடுகள் 140 ஆகவும் இருக்கலாம், 800 ஆகவும் இருக்கலாம். 300 என்பது இந்த வீச்சுக்குள் ஓர் எண், அவ்வளவே. எனவே தாளில் மூன்று வரிசை போடுங்கள்: 5%, 8%, 12%. லீடுகள் முறையே 480, 300, 200 என வரும். மோசமான வரிசையிலும் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் செலவைத் தொடங்கவேண்டும். வேறு யாரோ வெளியிட்ட துறைச் சராசரியை இங்கே கொண்டுவந்து வைப்பது இன்னும் ஆபத்து. அவர்களுடைய பொருளின் விலையும் வந்தவர்களின் தேவையும் உங்களுடையவை அல்ல.

அடுத்தது, வகுக்கும் எண் மாறிப்போவது. மெட்டாவின் Ads Manager கருவியில் Link clicks என்றும் Landing page views என்றும் இரண்டு நெடுவரிசைகள் உண்டு. தட்டியவர்கள் எல்லோரும் பக்கம் திறக்கும்வரை காத்திருப்பதில்லை, அதனால் இரண்டாவது எண் வழக்கமாகக் குறைவாகவே இருக்கும். லீட் விகிதத்தைப் பக்கம் பார்த்தவர்களை வைத்துக் கணக்கிட்டு, பிறகு கிளிக்குக்கான இலக்கை அதே விகிதத்தால் வகுத்தால் தேவையான கிளிக் குறைவாகத் தெரியும். மாதக் கடைசியில் லீட் போதாமல் நிற்கும், காரணமும் புரியாது. ஒரு படியில் எதை மேலே வைத்து எதை அடியில் வைத்தீர்களோ, அதையேதான் கடைசிவரை வைக்கவேண்டும். ரீச்சும் இப்படித்தான். பதிவுவாரியாகக் கூட்டிய ரீச்சில் ஒரே ஆள் பல முறை எண்ணப்படுகிறார். மாதத்துக்குத் தனியாகக் காட்டும் ரீச்சில் அவர் ஒரு முறைதான். இரண்டையும் கலந்தால் விகிதத்துக்கு அர்த்தமே இல்லை.

இனி 83,000க்கு வருவோம். ஃபாலோயரைக் கூட்டுவதற்கு முன் விகிதங்களைத் தொட்டுப் பார்க்கலாம். கணக்குப்படி எந்தப் படியை ஒன்றரை மடங்காக்கினாலும் பலன் ஒன்றுதான். ஆனால் உழைப்பு ஒன்றல்ல. விற்பனைக்குப் பக்கத்தில் இருக்கும் படியிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் அது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. படிவம் நிரப்பியவரை மூன்று நாள் கழித்து அழைத்தால் அவர் ஆர்வம் ஆறிப்போயிருக்கும். அதே நாளில் அழைக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். படிவத்திலேயே வகுப்பின் நேரத்தையும் கட்டணத்தையும் போட்டுவிட்டால் லீட் குறையும், ஆனால் வருபவர்களில் சேர்பவர்கள் கூடுவார்கள். இப்படி ஒரு மாற்றம் செய்யும்போது அடுத்தடுத்த இரண்டு விகிதங்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

எல்லாம் நன்றாக அமைந்து விகிதங்கள் 2%, 30%, 12% ஆகிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். மாத ரீச் 7,200. அதில் 144 கிளிக், 43 லீட், 5 விற்பனை. முன்பு மூன்று மாதத்தில் வந்தது இப்போது ஒரே மாதத்தில் வருகிறது. ஆனாலும் 19 குறைகிறது. அந்த 19ஐ இந்தப் பக்கத்தின் ஃபாலோயர்களிடமிருந்து எதிர்பார்க்க முடியாது என்பதை இந்தக் கணக்கு நேராகச் சொல்லிவிடுகிறது.

மீதியைக் கட்டண விளம்பரத்தில் எடுப்பதானால் அதற்குத் தனிச் சங்கிலி போடவேண்டும். விளம்பரத்தில் வருபவருக்கு உங்களை முன்பின் தெரியாது, அதனால் விகிதம் தாழ்வாக இருக்கும் என்றே தொடங்குங்கள். லீடிலிருந்து விற்பனை 5%, கிளிக்கிலிருந்து லீட் 15% என்று வைத்தால் 19 விற்பனைக்கு 380 லீட், சுமார் 2,530 கிளிக் தேவை. இதே விகிதங்கள் செலவின் உச்ச வரம்பையும் காட்டும். ஒரு சேர்க்கையில் செலவு போகக் கையில் நிற்பது 100 பங்கு என்றால், ஒரு லீடுக்கு 5 பங்குக்கு மேலும் ஒரு கிளிக்குக்கு 0.75 பங்குக்கு மேலும் கொடுத்தால் நஷ்டம். விளம்பரக் கணக்கில் கிளிக்கின் விலை அதற்கு மேலே நின்றால் பட்ஜெட்டை ஏற்றுவது நஷ்டத்தைத்தான் ஏற்றும்.

கடைசியாக நாட்காட்டி. விசாரித்தவர் சேர முடிவெடுக்கச் சராசரியாக 12 நாள் ஆகிறது என்றால், 25ஆம் தேதி வந்த லீட் இந்த மாதக் கணக்கில் வராது. 300 லீடும் 18ஆம் தேதிக்குள் வந்தாகவேண்டும். நாளுக்கு 10 என்று நினைத்தது உண்மையில் 17 ஆகிவிடுகிறது. விகிதத்தையும் அப்படியே அளக்கவேண்டும்: இந்த மாத விற்பனையை இந்த மாத லீடால் வகுக்காமல், குறிப்பிட்ட வாரத்தில் வந்த லீடுகளில் எத்தனை பேர் பிறகு சேர்ந்தார்கள் என்று பின்தொடருங்கள். 7ஆம் தேதி மாலை லீட் 119ஐ எட்டியிருக்கவேண்டும். 70 தான் இருக்கிறது என்றால் முதலில் கிளிக் எண்ணிக்கையைப் பாருங்கள். அது திட்டப்படி 590 அருகில் இருந்தால் பழுது இணைப்பில் திறக்கும் பக்கத்திலோ படிவத்திலோ இருக்கிறது. அதுவும் குறைவு என்றால் பதிவுகளின் ரீச்சுக்குப் போகவேண்டும்.